வைரத்தைவிட பென்சில் கரிதான் நிலையானது, அப்புறம் வைரம் ஏன் கரியாக மாறுவதில்லை?

2023 ஜூனில் பிரதமர் அமெரிக்கா போனபோது அப்போதைய அமெரிக்க அதிபரின் மனைவி ஜில் பைடனுக்கு 7.5 காரட் ஆய்வக வைரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அந்த ஆண்டு பட்ஜெட்டிலேயே ஆய்வக வைரத்துக்கு வரிச் சலுகையும் ஆராய்ச்சிப் பணமும் அறிவித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் அதற்கென்று ஒரு மையமும் வந்தது. இப்போது வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு என்று நம் பக்கத்து நகைக்கடைகளிலும் 'லேப் வைரம்' என்ற பேச்சு வந்துவிட்டது. கூடவே குழப்பமும். அது நிஜ வைரமா, இல்லை அமெரிக்கன் டைமண்ட் மாதிரி வேறு ஏதாவதா என்று கேட்கிறார்கள். ஆய்வகத்தில் அவசரமாக வளர்த்தது என்பதால் நாளாக ஆகக் கரியாக மாறிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. பிளஸ் டூ வேதியியல் படித்தவர் யாராவது அந்த நேரம் பார்த்து, "எல்லா வைரமுமே கிராஃபைட்டாக, அதாவது பென்சில் கரியாக மாற வேண்டியதுதான், அதுதான் நிலையான வடிவம்" என்று சொல்லிவிட்டால் குழப்பம் இரண்டு மடங்காகிறது.

அவர் சொல்வது சரிதான், ஆனால் அது பாதி. ஒரு திடப்பொருள் எந்த வடிவத்தில் நம் கைக்கு வரும் என்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்த வடிவத்துக்கு ஆற்றல் குறைவு என்பது ஒன்று. அந்த வடிவத்துக்குப் போய்ச் சேர வழி இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது இன்னொன்று. முதல் கேள்வி வெப்ப இயக்கவியலுடையது, இரண்டாவது வேகவியலுடையது. இந்த இரண்டையும் போட்டுக் கலக்கும்போதுதான் மேலே சொன்ன குழப்பம் எல்லாம் வருகிறது.

## ஒரே அணு, இரண்டு அடுக்கு

ஒரே வேதிப்பொருள் ஒன்றுக்கு மேற்பட்ட படிக அமைப்புகளில் இருக்க முடிவதைப் பல்லுருவத் தன்மை என்கிறோம். தனிமங்களில் இதையே புறவேற்றுமை வடிவங்கள் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டுக்கு இது உண்டு, மாத்திரைகளில் இருக்கும் பல மருந்துகளுக்கும் உண்டு. கார்பனில் இது கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பளிச்சென்று இருப்பதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் சுற்றியுள்ள நான்கு அணுக்களோடு நான்கு திசைகளில் பிணைந்திருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் அதே வலுவான பிணைப்புதான். கிராஃபைட்டில் ஒவ்வொரு அணுவும் மூன்றோடு மட்டும் பிணைந்து அறுகோண வலை போன்ற தாள்களாகப் படுத்திருக்கிறது. தாளுக்குள் இருக்கும் பிணைப்பு மிக வலுவானது, தாளுக்கும் தாளுக்கும் நடுவில் இருக்கும் ஈர்ப்பு மிக லேசானது. பென்சில் எழுதுவது அதனால்தான், தாள்கள் வழுக்கிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்கின்றன.

இன்னொரு வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். வைரம் நெருக்கமாக அடுக்கப்பட்டது, ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 3.5 கிராம் எடை. கிராஃபைட் சுமார் 2.26 கிராம்தான். அதே அளவு கார்பன் கிராஃபைட்டாக இருந்தால் இடம் அதிகம் பிடிக்கிறது.

## எது நிலையானது: கணக்கு சொல்வது

வெப்ப இயக்கவியலில் 'நிலையானது' என்றால் கட்டிலா ஆற்றல், அதாவது ஒரு பொருள் தானாக எந்தப் பக்கம் மாறும் என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல், குறைவானது என்று பொருள், வேறு ஒன்றும் இல்லை. கெட்டியானது, பழசானது, விலை உயர்ந்தது என்பதற்கெல்லாம் இதில் இடம் கிடையாது. சாதாரண வெப்பநிலையிலும் காற்றழுத்தத்திலும் 12 கிராம் கார்பனை, அதாவது ஒரு மோல் எடுத்துக்கொண்டால், வைரமாக இருக்கும்போது அதன் கட்டிலா ஆற்றல் கிராஃபைட்டைவிட சுமார் 2.9 கிலோஜூல் அதிகம். ஒரு மோல் கார்பனை எரித்தால் 390 கிலோஜூலுக்கு மேல் வருகிறது. அதோடு வைத்துப் பார்த்தால் இந்த 2.9 மிகச் சின்ன வித்தியாசம். ஆனால் சின்னதானாலும் திசை தெளிவு: வைரத்திலிருந்து கிராஃபைட்டுக்குப் போவதுதான் இறக்கம்.

அழுத்தம் கூடினால் இது தலைகீழாகும். அழுத்தத்தில் இடம் குறைவாகப் பிடிக்கும் வடிவத்துக்குத்தான் ஆதாயம். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று நாமே போட்டுப் பார்க்கலாம்.

1. ஒரு மோல் கிராஃபைட் சுமார் 5.3 கன சென்டிமீட்டர் இடம் பிடிக்கிறது, வைரம் சுமார் 3.4. வித்தியாசம் 1.9.
2. ஈடுகட்ட வேண்டிய ஆற்றல் 2,900 ஜூல். இதை 1.9-ஆல் வகுத்தால் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1,500 ஜூல்.
3. அழுத்தமாக மாற்றினால் 1,500 மெகாபாஸ்கல், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல சுமார் 15,000 மடங்கு.

அழுத்தும்போது இரண்டும் கொஞ்சம் சுருங்கும் என்பதை இந்தக் கணக்கில் விட்டுவிட்டோம், அதனால் இது தோராயம். ஆனாலும் உண்மை விடைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. சாதாரண வெப்பநிலையில் 15,000 மடங்கு காற்றழுத்தத்துக்கு மேலே போனால் வைரம்தான் நிலையான வடிவம்.

சரி, அப்படியென்றால் பென்சில் கரியை அவ்வளவு அழுத்தத்தில் வைத்தால் வைரம் கிடைக்குமா? கிடைக்காது. எத்தனை வருடம் வைத்திருந்தாலும் கரி கரியாகவே இருக்கும். கணக்கு தப்பில்லை, அது பதில் சொல்லும் கேள்விதான் வேறு.

## ஏன் மாறவில்லை: குறுக்கே நிற்கும் மேடு

வேலூரைச் சுற்றி இருக்கும் மொட்டை மலைகளைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சரிவில் பாதி உயரத்தில் பெரிய பெரிய உருண்டைப் பாறைகள் உட்கார்ந்திருக்கும். அடிவாரத்துக்கு வந்தால் அவற்றின் ஆற்றல் இன்னும் குறையும், ஆனால் வருவதில்லை. பாறை உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் விளிம்பைத் தாண்டினால்தான் உருள முடியும். அந்த விளிம்பின் உயரத்துக்கு வேதியியலில் கிளர்வு ஆற்றல் என்று பெயர். இப்படிப் பள்ளத்தில் மாட்டிக்கொண்ட வடிவத்தைச் சிற்றுறுதி நிலை என்று சொல்லலாம். அடிவாரம் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதும் விளிம்பு எவ்வளவு உயரம் என்பதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு அளவுகள்.

வைரத்தில் அந்த விளிம்பு பயங்கர உயரம். ஓர் அணு கிராஃபைட் பக்கம் போக வேண்டுமென்றால் தன் நான்கு வலுவான பிணைப்புகளில் சிலவற்றை முதலில் முறித்தாக வேண்டும், புதிய பிணைப்பின் லாபம் அப்புறம்தான் வரும். வைரத்தின் மேற்பரப்பு கிராஃபைட்டாவதற்கு அளந்திருக்கும் கிளர்வு ஆற்றல் மோலுக்கு 700 கிலோஜூல், சில முகங்களில் 1,000-ஐயும் தொடுகிறது. தடுப்பது 700, கிடைப்பது 2.9.

இதை நேரமாக மாற்றிப் பார்ப்போம், 700 என்ற எண்ணையே வைத்துக்கொண்டு. நம் வீட்டு வெப்பநிலையில் அணுக்களின் வெப்ப அசைவுக்குரிய ஆற்றல் மோலுக்கு சுமார் 2.5 கிலோஜூல். 700-ஐ இதால் வகுத்தால் 280. தடையைத் தாண்டும் வாய்ப்பு இந்த எண்ணைப் பொறுத்து அடுக்கு முறையில் குறைகிறது. அதன்படி ஒரு முயற்சி வெற்றியாகும் வாய்ப்பு, 1-க்குப் பின்னால் 120-க்கும் மேல் பூஜ்யம் போட்டால் வரும் எண்ணில் ஒன்று. அணு ஒரு வினாடிக்குப் பத்து லட்சம் கோடி முறை, அதாவது 13 பூஜ்யம், அதிர்கிறது என்று வையுங்கள். ஒரு காரட் கல்லில் 22 பூஜ்யம் போடும் அளவுக்கு அணுக்கள் இருக்கின்றன. பிரபஞ்சம் தோன்றி இதுவரை ஆன வினாடிகளுக்கு 17 பூஜ்யம். எல்லாவற்றையும் பெருக்கினாலும் 52 பூஜ்யம்தான் ஆகிறது, 120-க்குக் கிட்டக்கூட வரவில்லை. பிரபஞ்சம் தோன்றிய நாளிலிருந்து அந்தக் கல்லை மேசை மேல் வைத்திருந்தாலும் ஓர் அணுகூட இடம் மாறியிருக்காது என்பதுதான் இதன் பொருள். கத்திரி வெயிலில் வேலூரில் 42 டிகிரி அடித்தாலும் இந்தக் கணக்கில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் வராது.

அதே கணக்கை 1,700 டிகிரி செல்சியஸ் வாக்கில் போட்டால் கதையே வேறு. அங்கே 700-ஐ வகுக்கும் எண் 2.5 இல்லை, சுமார் 16.5. ஈவு 42. இப்போது ஓர் அணுவுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை தடையைத் தாண்ட வாய்ப்பு கிடைக்கிறது, அதாவது மாற்றம் கண்ணெதிரே நடக்கும் வேகம். காற்றில்லாத இடத்தில் வைரத்தை 1,500 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மேற்பரப்பு கருப்பதை நிஜமாகவே பார்க்கலாம். சாய்வு பெரிதாக மாறவில்லை, அடிவாரம் அதே இடத்தில்தான் இருக்கிறது. விளிம்பைத் தாண்டும் வேகம் மட்டும் கற்பனைக்கு எட்டாத அளவு மாறியிருக்கிறது.

ஆய்வக வைரத்துக்கும் இதே கணக்குதான். பிணைப்பு அதேதான் என்பதால் தடையும் அதேதான். "நாளாக ஆகக் கரியாகிவிடும்" என்ற பேச்சுக்கு இங்கேயே பதில் முடிந்தது.

## நகைப் பட்டறை நெருப்பில் நடப்பது வேறு

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை சொல்லியாக வேண்டும், நகை செய்பவர்கள் நிச்சயம் கேட்பார்கள். வைரம் பதித்த மோதிரத்தைப் பற்றவைக்கும்போது ஊதுகுழல் நெருப்பு கல்லில் பட்டால் கல்லின் மேற்பரப்பு மங்கிப் பால் பூத்த மாதிரி ஆகிவிடுகிறதே, அது கிராஃபைட்டாக மாறுவதுதானே என்று. இல்லை. அது எரிவது. காற்றில் ஆக்சிஜன் இருக்கும்போது வைரம் 700, 800 டிகிரி வாக்கிலேயே மெல்ல எரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது. தங்கப் பற்று உருகும் வெப்பமும் ஏறக்குறைய அங்கேதான் இருப்பதால் ஆபத்து. போரிக் பவுடரைக் கரைத்துக் கல்லின் மேல் பூசிவிட்டு நெருப்பு காட்டுவார்கள். அது கண்ணாடி மாதிரி உருகி மூடிக்கொண்டு ஆக்சிஜனைத் தள்ளி வைக்கிறது. மங்கிய கல்லை மறுபடி பாலிஷ் போட்டால் எடை கொஞ்சம் குறையும், ஆனால் பளபளப்பு திரும்பி வந்துவிடும், உள்ளே எல்லாம் வைரமாகவே இருப்பதால்.

வைரம் வெறும் கார்பன்தான் என்று நிரூபித்ததும் எரித்துப் பார்த்துத்தான். லவாய்சியர் 1772-இல் பெரிய கண்ணாடி வில்லையால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்தார். 1797-இல் ஸ்மித்சன் டென்னன்ட் சம எடை வைரமும் கரியும் எரிந்தால் ஒரே அளவு வாயு வருவதைக் காட்டினார்.

## பூமிக்குள்ளிருந்து வேகமாக வந்தவை, மெதுவாக வந்தவை

இயற்கை வைரம் உருவாவது பெரும்பாலும் 150 கிலோமீட்டருக்கும் கீழே. அங்கே 50,000 மடங்கு காற்றழுத்தமும் 1,000 டிகிரிக்கு மேல் வெப்பமும் இருப்பதால் அங்கே வைரம்தான் நிலையான வடிவம், யாரும் அதைப் பிடித்து வைக்கத் தேவையில்லை. சிக்கல் மேலே வரும் வழியில்தான். அழுத்தம் குறைந்துகொண்டே வரும், ஆனால் பாறை இன்னும் சூடாக இருக்கும். கிராஃபைட்டுக்குச் சாதகமான சூழலும் தடையைத் தாண்டும் வெப்பமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும் ஆபத்தான இடம் அது.

அதனால் மேலே வரும் வேகம்தான் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. கிம்பர்லைட் என்ற எரிமலைக் குழம்பு வாயுக்கள் நிறைந்தது. சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் அத்தனை ஆழத்திலிருந்தும் பீறிட்டுக்கொண்டு மேலே வந்துவிடுகிறது. அது சுமந்து வரும் வைரம் மாறுவதற்குள் ஆறிவிடுகிறது. நமக்கு அந்தப் பக்கம் அனந்தப்பூர் மாவட்டத்தில் இருக்கும் வஜ்ரகரூர் குழாய்கள், அதாவது அந்தக் குழம்பு மேலே வந்த வழியிலேயே உறைந்து நிற்கும் பாறைத் தண்டுகள், இந்த வகைதான். மழைக்காலம் வந்தால் அனந்தப்பூர், கர்நூல் பக்கம் வயல்களில் ஜனங்கள் குனிந்து குனிந்து கல் தேடும் செய்தி வருடா வருடம் வருமே, அது இந்த நிலத்தில்தான்.

மெதுவாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கும் சாட்சி இருக்கிறது, எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த சாட்சி. மொராக்கோ நாட்டில் பெனி புசேரா என்ற இடத்தில், ஆழத்துப் பாறை எரிமலை வழியாக வராமல் நில அசைவால் மெதுவாக மேலே தூக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பாறைக்குள் எட்டு முகம் கொண்ட படிகங்கள் கிடைக்கின்றன. எட்டு முகம் வைரத்தின் வடிவம், கிராஃபைட் தானாக வளர்ந்தால் தட்டையாகத்தான் வளரும், அப்படி ஒரு வடிவத்துக்கு வரவே வராது. ஆனால் எடுத்துப் பார்த்தால் உள்ளே முழுக்கக் கிராஃபைட். வைரமாகப் பிறந்து, வெளி உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே அணு அணுவாக மாறிப்போனவை. அதே ஆழம், அதே கார்பன், பயண நேரம் மட்டும் வேறு.

## அழுத்தி வளர்ப்பது: வெப்பமும் வேண்டும், வெப்பமே எதிரி

ஆய்வகத்தில் முதல் வழி பூமி செய்வதையே செய்வது. உயர் அழுத்தம், உயர் வெப்பம் என்பதன் சுருக்கமாக எச்.பி.எச்.டி. என்று சான்றிதழ்களில் பார்ப்பீர்கள். 15,000 மடங்கு போதும் என்று மேலே கணக்குப் போட்டோம், ஆனால் அந்த அழுத்தத்தில் அணுக்கள் அசையவே அசையாது. அசைய வைக்கச் சூடாக்க வேண்டும். சூடாக்கினால் இன்னொரு சிக்கல் வருகிறது: கிராஃபைட்டின் என்ட்ரோபி, அதாவது அணுக்களின் ஒழுங்கின்மை, வைரத்தைவிட அதிகம், தாள்கள் தளர்வாக ஆடுவதால். வெப்பம் ஏற ஏற கிராஃபைட்டின் கை ஓங்கும். அதை அமுக்க அழுத்தத்தை இன்னும் கூட்டியாக வேண்டும். 1,400 டிகிரியில் வைரம் நிலையாக இருக்க 50,000 மடங்கு காற்றழுத்தம் தேவைப்படுகிறது. வேகவியல் சூட்டைக் கேட்கிறது, வெப்ப இயக்கவியல் சூட்டை வேண்டாம் என்கிறது. இந்த இழுபறியில்தான் அந்தக் கால முயற்சிகள் பல தோற்றன.

அழுத்தமும் வெப்பமும் மட்டும் வைத்துக் கிராஃபைட்டை நேரடியாக வைரமாக்க ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் காற்றழுத்தமும் 2,000 டிகிரிக்கு மேல் வெப்பமும் வேண்டும். தொழிற்சாலைக்கு அது கட்டுப்படியாகாது. வழி திறந்தது உருகிய உலோகம் மூலம். இரும்பு, நிக்கல், கோபால்ட் மாதிரி உலோகங்கள் உருகிய நிலையில் கார்பனைக் கரைத்துக்கொள்ளும். கிராஃபைட் கரையும்போது அதன் பிணைப்புகள் உலோகத்துக்குள்ளேயே அவிழ்ந்துவிடுகின்றன, அணுக்கள் தனித்தனியாகி நகர்கின்றன, வைரத்துக்குச் சாதகமான அழுத்தத்தில் வைரத்தின் மேல் போய்ப் படிகின்றன. மேட்டின் உயரத்தை நேராக ஏறிக் கடக்காமல் சுற்றிப் போகும் பாதை இது. ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் 1954 டிசம்பரில் இந்த முறையில் வைரம் செய்தார், 1955-இல் நிறுவனம் உலகுக்கு அறிவித்தது. ஸ்வீடனில் ஏ.எஸ்.இ.ஏ. என்ற நிறுவனம் 1953-லேயே செய்துவிட்டது, வெளியே சொல்லவில்லை.

இதில் கடைசிக் கட்டம் முக்கியம். வளர்ந்து முடிந்ததும் முதலில் வெப்பத்தை இறக்க வேண்டும், அழுத்தத்தை அப்படியே பிடித்துக்கொண்டு. நன்றாக ஆறிய பிறகுதான் அழுத்தத்தை விடலாம். வரிசையை மாற்றி, சூடாக இருக்கும்போதே அழுத்தத்தை விட்டால், கிராஃபைட்டுக்குச் சாதகமான இடத்தில் அணுக்கள் அசையும் நிலையில் கல் நிற்கும், கூடவே உருகிய உலோகமும் சுற்றி நின்று வழிகாட்டிக்கொண்டிருக்கும். மொராக்கோவில் நில அசைவு மெதுவாகச் செய்த வேலை இங்கே சட்டென்று நடந்துவிடும்.

## வாயுவிலிருந்து வளர்ப்பது: கிராஃபைட் நிலையான இடத்தில் வைரம்

இரண்டாவது வழிதான் பலருக்கும் நம்ப முடியாதது. சி.வி.டி. என்று போட்டிருப்பார்கள், வாயுவிலிருந்து வேதிமுறையில் படிய வைப்பது. இதில் அழுத்தமே கிடையாது. அறைக்குள் இருப்பது காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், வெப்பம் 800, 900 டிகிரி. அந்த இடத்தில் கிராஃபைட்தான் நிலையானது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் வளர்வது வைரம்.

மெல்லிய வைரத் தகடு ஒன்றை விதையாக வைக்கிறார்கள். அறைக்குள் பெரும்பகுதி ஹைட்ரஜனும் சில சதவீதம் மீத்தேனும் விட்டு, மைக்ரோவேவ் கொடுத்துப் பிளாஸ்மா ஆக்குகிறார்கள். ஹைட்ரஜன் மூலக்கூறு உடைந்து தனி அணுக்களாகிறது. இந்தத் தனி ஹைட்ரஜன்தான் முழு வேலையையும் செய்கிறது:

1. வைர மேற்பரப்பில் இருக்கும் அணுக்களுக்கு மேல் பக்கம் பிணைய ஆள் இல்லை. சும்மா விட்டால் அவை பக்கத்து அணுவோடு சேர்ந்து கிராஃபைட் மாதிரி படுத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்து வைர அமைப்பு கலையாமல் பிடித்துக்கொள்கிறது.
2. வேறொரு ஹைட்ரஜன் அணு வந்து, உட்கார்ந்திருப்பதை அவ்வப்போது பிடுங்கிக்கொண்டு போகிறது. அந்த நொடியில் காலியான இடத்தில் மீத்தேனிலிருந்து வந்த துண்டு ஒட்டிக்கொள்கிறது, ஓர் அணு வளர்ந்தது.
3. எங்காவது கிராஃபைட் மாதிரி கார்பன் படிந்துவிட்டால் ஹைட்ரஜன் அதை அரித்து வாயுவாக்கிவிடுகிறது. வைரத்தையும் அரிக்கிறது, ஆனால் மிக மெதுவாக.

வைரமும் கிராஃபைட்டும் இரண்டுமே படிகின்றன, கிராஃபைட் மட்டும் உடனுக்குடன் துடைக்கப்படுகிறது, மிஞ்சுவது வைரம். இதில் வெப்ப இயக்கவியல் விதி எதுவும் மீறப்படவில்லை. மைக்ரோவேவ் கொடுத்த ஆற்றலால் உடைந்து கிடக்கும் அந்த வாயு, வைரத்தைவிடவும் மிக உயரத்தில் நிற்கிறது. மலை உச்சியிலிருந்து உருட்டிவிட்ட கல்லுக்கு அடிவாரமும் இறக்கம்தான், நடுச்சரிவில் இருக்கும் பள்ளமும் இறக்கம்தான். எந்த இறக்கத்துக்குப் பாதை வேகமாகத் திறந்திருக்கிறதோ அங்கே போய் நிற்கும். ஹைட்ரஜன் செய்வது அடிவாரப் பாதையை மூடி வைப்பது. விதைத் தகடு இருப்பதால் புதிதாக ஒரு வைரக் கரு உருவாகும் கஷ்டமான முதல் படியும் மிச்சமாகிறது.

சமநிலை தவறினால் கல்லே சொல்லிவிடும். வளர்ச்சியை வேகப்படுத்த ஆசைப்பட்டு மீத்தேனைக் கூட்டினால் ஹைட்ரஜனால் துடைத்து மாளாது. கரும்புள்ளிகளும் பழுப்பு நிறமும் வரும். வெப்பம் அளவுக்கு மீறினாலும் அதே கதி. ராமன் நிறமாலைக் கருவியில் வைத்தால் சந்தேகமே இருக்காது: வைரம் 1332 என்ற இடத்தில் ஒல்லியாக ஒரே ஒரு கூர்முனை காட்டும், கிராஃபைட் 1580 பக்கம் காட்டும். நல்ல கல்லில் முதலாவது மட்டும் இருக்கும். தரமான கல் வேண்டுமென்றால் மணிக்குச் சில மைக்ரோமீட்டர் என்ற வேகத்தில்தான் வளர்க்க வேண்டியிருக்கிறது. ஒரு கல்லுக்கு வாரக் கணக்கில் பிடிப்பது அதனால்தான்.

பழுப்பாக வந்த கல்லை வெளுக்க மறுபடி 1,600 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள், அப்போது மட்டும் உயர் அழுத்தக் கருவிக்குள் வைத்து. ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். அழுத்தம் இல்லாமல் அந்தச் சூட்டில் வைத்தால் வெளுப்பதற்குப் பதில் கருத்துப்போகும்.

## கடையில் எப்படித் தெரியும்

ஆய்வக வைரம் வைரம்தான், அணு அமைப்பில் வித்தியாசம் கிடையாது. கடைக்காரர் பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்லில் தொட்டுப் பச்சை விளக்கு எரிகிறது பாருங்கள் என்று காட்டுவார். அது பெரும்பாலும் வெப்பம் கடத்தும் வேகத்தை அளப்பது. அமெரிக்கன் டைமண்ட் எனப்படும் சிர்கோனியா அதில் மாட்டிக்கொள்ளும். ஆய்வக வைரம் மாட்டாது, மாட்டவும் கூடாது. அந்தப் பச்சை விளக்கைக் காட்டி 'இது சுரங்கத்து வைரம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சுரங்கத்துக் கல்லையும் ஆய்வகக் கல்லையும் பிரித்துக் காட்டுவதும் வேகவியல்தான். வைரம் வளரும்போது நைட்ரஜன் அணுக்கள் உள்ளே மாட்டிக்கொள்ளும், முதலில் தனித்தனியாக. பூமிக்கடியில் 1,000 டிகிரிக்கு மேல் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும்போது அவை மிக மெதுவாக நகர்ந்து இரண்டிரண்டாகவும் நான்கு நான்காகவும் சேர்கின்றன. சுரங்க வைரங்களில் பெரும்பான்மை இப்படி நைட்ரஜன் கூட்டங்கள் கொண்டவை. ஆய்வகத்தில் அதற்கு நேரம் இல்லை. அழுத்தி வளர்த்த கல்லில் நைட்ரஜன் தனித்தனியாக நின்று மஞ்சள் நிறம் தரும், அல்லது நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும் உலோகம் சேர்த்து முன்கூட்டியே நீக்கியிருப்பார்கள். வாயுவில் வளர்த்த கல்லில் நைட்ரஜன் அநேகமாக இருக்காது, பதிலுக்குக் கருவியின் பாகங்களிலிருந்து வந்த சிலிக்கான் தடயம் பல கற்களில் தெரியும்.

நைட்ரஜன் கூட்டங்கள் தெளிவாக இருந்தால் கல் அநேகமாகச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். நைட்ரஜனே இல்லையென்றால் முடிவு சொல்ல முடியாது, ஏனென்றால் நூற்றில் ஒன்றிரண்டு சுரங்க வைரங்களும் அப்படித்தான் இருக்கின்றன. அந்தக் கற்களைப் புற ஊதா ஒளியில் வைத்து வளர்ச்சிக் கோடுகள் எந்த மாதிரி ஓடுகின்றன என்று பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். வீட்டிலோ கடை மேசையிலோ செய்யும் வேலை இல்லை, சோதனைக்கூடத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். வாங்குபவர் செய்யக்கூடியது சான்றிதழில் இரண்டு வரிகளைத் தேடிப் படிப்பது: எந்த முறையில் வளர்ந்தது, வளர்ந்த பிறகு நிறம் மாற்றச் சூடாக்கப்பட்டதா. பில்லிலும் ஆய்வக வைரம் என்றே எழுதி வாங்குங்கள்.